கிளினிக்கல் அசெஸ்மென்ட்டில் ஃபெயில்: அப்பீல் கடிதம் பற்றி நர்சிங் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கமிருந்து பெங்களூரு வந்து பி.எஸ்ஸி நர்சிங் படிப்பவர்களும், இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும், அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சு மாறாமல் கேள்விகளைத் தந்திருக்கிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டிருப்பதால் வரிசையாகப் படித்தால் எளிதாக இருக்கும்.

"கிளினிக்கல் அசெஸ்மென்ட்ல ஃபெயில்னு போட்டுட்டாங்க. அப்பீல் பண்ண முடியுமா, இல்ல அடுத்த தடவை திரும்பப் பண்றதுதான் வழியா?"

முடியும். முதலில் எந்த அசெஸ்மென்ட் என்று பிரித்துப் பாருங்கள். வார்டு போஸ்டிங்கின்போது கல்லூரி ஆசிரியர் செக்லிஸ்ட் வைத்துப் போடும் மதிப்பெண்ணும், ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடக்கும் ஆஸ்கி தேர்வும் இன்டர்னல் கணக்கில் சேரும். செமஸ்டர் முடிவில் பல்கலைக்கழகத்தின் பேரில் நடக்கும் பிராக்டிகல் வேறு. அதில் இன்டர்னல் எக்ஸாமினர் ஒருவரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒருவரும் சேர்ந்து மதிப்பெண் போடுவார்கள். கர்நாடகத்தில் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் ஜெயநகரில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம்.

இன்டர்னல் மதிப்பெண்ணைத் திருத்தும் அதிகாரம் கல்லூரியிடமே இருக்கிறது. ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு திருத்துவது மிகவும் கடினம். அதனால் கடிதத்துக்கான உண்மையான கெடு அந்த அனுப்பும் தேதிதான். அதை வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. தியரியில் எவ்வளவு எடுத்தாலும் பிராக்டிகல் குறையை அது ஈடுகட்டாது. இந்தப் பக்கம் முக்கியமாக இன்டர்னல் பற்றியது. பல்கலைக்கழக பிராக்டிகல் பற்றிக் கடைசியில் வருகிறது.

"நான் நல்லாத்தான் பண்ணேன், நியாயமே இல்லாம ஃபெயில் போட்டிருக்காங்க. இது போதாதா அப்பீலுக்கு?"

போதாது. பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் தோற்கின்றன. உங்கள் கை நடுங்கியதா, நோயாளியிடம் பேசிய விதம் சரியா, ஊசியைச் செலுத்திய வேகம் சரியா என்பதெல்லாம் நேரில் நின்று பார்த்தவரின் கணிப்பு. பார்க்காத ஒரு குழு அதை மாற்றிச் சொல்லாது, சொல்லவும் கூடாது. "எனக்கு 1 போட்டார்கள், 2 போட்டிருக்க வேண்டும்" என்ற வாதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அதற்கு ஆதாரம் கிடையாது.

குழு மாற்றக்கூடியது, தாளைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விஷயங்களை மட்டும்தான். கூட்டல் தவறு, மதிப்பெண் போடாமல் விட்ட படிகள், முன்கூட்டியே கொடுத்த செக்லிஸ்ட் ஒன்றாகவும் மதிப்பிட்ட செக்லிஸ்ட் வேறாகவும் இருப்பது, செயல்முறை பாதியில் நின்றது, எக்ஸாமினர் அருகில் இல்லாத நேரத்துக்கு மதிப்பெண் போட்டது ஆகியவை அந்த வகை. அதோடு அந்தத் தவறு முடிவையே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 50-க்கு 25 எடுத்தால் பாஸ் என்ற தாளில் 15 எடுத்தவருக்கு இரண்டு மதிப்பெண் கூட்டல் தவறு இருந்தால் திருத்துவார்கள், ஃபெயில் ஃபெயிலாகவே இருக்கும்.

"லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி என்னென்ன கையில இருக்கணும்?"

எல்லாவற்றுக்கும் மேலே, மதிப்பெண் போட்ட செக்லிஸ்ட்டின் நகல். அது இல்லாமல் எழுதும் கடிதம் ஊகத்தில் நிற்கும். பாடத்தின் எச்.ஓ.டி.க்கு ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள்: "இன்ன தேதியில் நடந்த என் மதிப்பீட்டின் செக்லிஸ்ட்டைப் பார்க்கவும் நகல் பெறவும் அனுமதி வேண்டும்." நகல் தர மறுத்தால் அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு படிக்கும் எதிரே உள்ள எண்ணை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்த தேதியையும் நேரத்தையும் மேலே எழுதுங்கள்.

அடுத்து, செமஸ்டர் தொடக்கத்தில் கொடுத்த செக்லிஸ்ட். புரொசீஜர் மேனுவலிலோ லாக் புக்கிலோ அது இருக்கும். அதே செயல்முறையை நீங்கள் முன்பு செய்து ஆசிரியர் கையெழுத்திட்ட லாக் புக் பக்கம், போஸ்டிங் ரோஸ்டர், அசெஸ்மென்ட் தேதியை அறிவித்த நோட்டீஸ் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, அன்றைக்கு இரவே நீங்கள் எழுதும் குறிப்பு. எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் யார் அருகில் இருந்தார்கள், எந்த இடத்தில் தடை வந்தது, எக்ஸாமினர் வாய்மொழியாக என்ன சொன்னார் என்று வரிசைப்படி எழுதுங்கள். இது உங்கள் தரப்புக் குறிப்புதான், தனியாக நின்றால் பெரிய ஆதாரமாகாது. ஆனால் எந்தப் பதிவேட்டில் எந்த நேரத்தைத் தேட வேண்டும் என்று அதுதான் காட்டும். நான்கு நாள் கழித்து எழுதினால் நேரங்கள் கலைந்துவிடும்.

"செக்லிஸ்ட் கிடைச்சிருச்சு. அதுல எதைப் பார்க்கணும்னு தெரியலை."

எடுத்துக்காட்டோடு பார்ப்போம். மூன்றாம் செமஸ்டர் மாணவி ஒருவர், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் தசைவழி ஊசி போடும் செயல்முறை. செக்லிஸ்ட்டில் 25 படிகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 50, பாஸாக 25 வேண்டும். தாளின் அடியில் "21, ஃபெயில்" என்று இருக்கிறது.

முதல் வேலை, எண்களை நீங்களே கூட்டுவது. முதல் பக்கத்தில் 12 படிகள், கூட்டினால் 13 வருகிறது. இரண்டாம் பக்கத்தின் தலையில் "முந்தைய பக்கம் 11" என்று ஏறியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் படிகளைக் கூட்டினால் 10. ஆக உண்மையான கூட்டல் 23. பக்கம் திரும்பும் இடத்தில் எண் மாறி ஏறுவது அடிக்கடி நடப்பது. கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வேலை, வெற்றாக இருக்கும் கட்டங்களைத் தேடுவது. இந்தத் தாளில் 24-வது, 25-வது படிகளுக்கு எதிரே எதுவும் இல்லை. ஒன்று, ஊசி போட்ட பிறகு நோயாளியைக் கவனிப்பது. மற்றது மெடிக்கேஷன் சார்ட்டில் பதிவது. மாணவியின் இரவுக் குறிப்பு காரணத்தைச் சொல்கிறது: ஊசி போட்டு முடித்தவுடன் நோயாளியை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போய்விட்டார்கள், கேஸ் ஷீட்டும் சார்ட்டும் அவரோடு போய்விட்டன. வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் பார்த்தேன், செய்யவில்லை என்று பொருள். வெற்று என்றால் மதிப்பிடவே இல்லை. ஆனால் கூட்டும்போது வெற்று, பூஜ்யமாகத்தான் விழும்.

இப்போது கணக்கு இப்படி நிற்கிறது: 23 உறுதி, இன்னும் 4 மதிப்பெண்ணுக்கான இரண்டு படிகள் மதிப்பிடப்படவில்லை, பாஸாக வேண்டியது 2. தவறு முடிவை மாற்றக்கூடியது என்று இந்த ஒரு வாக்கியத்தில் காட்டிவிடலாம். கடிதத்தின் முதுகெலும்பு இதுதான்.

"ஸ்டார் போட்ட ஸ்டெப்ல ஃபெயில்னா மொத்தமா ஃபெயில்னு சொல்றாங்களே?"

பல கல்லூரிகளின் செக்லிஸ்ட்டில் நோயாளி பாதுகாப்பைத் தொடும் சில படிகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்ப்பது, மருந்தின் பெயரையும் அளவையும் பார்ப்பது, கிருமி நீக்க ஒழுங்கைக் காப்பது போன்றவை. அதில் ஒன்று தவறினாலும் கூட்டல் எவ்வளவு வந்தாலும் ஃபெயில். உங்கள் தாளில் அப்படி இருந்தால், மேலே சொன்ன கூட்டல் திருத்தம் மட்டும் உதவாது. அந்தப் படியைப் பற்றியே பேச வேண்டும்.

அங்கே இரண்டு கேள்விகள். மாணவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்த செக்லிஸ்ட்டிலும் அந்த நட்சத்திரமும் அதன் விளைவும் இருந்தனவா? இல்லையென்றால் அது வலுவான காரணம்; இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையுங்கள். அடுத்து, அந்தப் படியின்போது எக்ஸாமினர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? செக்லிஸ்ட்டின் தலையில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்கும். உங்களுடையது 10.10 முதல் 10.30 வரை, அதே எக்ஸாமினர் மதிப்பிட்ட இன்னொரு மாணவருடையது 10.05 முதல் 10.25 வரை என்று இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு படுக்கைகளை அவர் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு மாணவரின் தாளை நீங்கள் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. "அன்றைய செக்லிஸ்ட்களின் நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்" என்று குழுவிடம் கேட்டால் போதும்.

இரண்டுமே இல்லை, நிஜமாகவே அடையாளம் சரிபார்க்க மறந்துவிட்டீர்கள் என்றால் அப்பீல் போடாதீர்கள். மறுதேர்வுக்குத் தயாராவதுதான் சரி. அந்தப் படி அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

"சரி, லெட்டரை எப்படி எழுதறது? இங்கிலீஷ்லதான் குடுக்கணுமா?"

பெங்களூரு கல்லூரிகளில் அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். முதலில் தமிழில் எழுதி உள்ளடக்கம் சரியா என்று பார்த்துவிட்டு, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். ஏ4-இல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்கான கடிதம் இது:

> பெறுநர்: முதல்வர் அவர்கள்
> வழி: துறைத் தலைவர், மருத்துவ அறுவை சிகிச்சை நர்சிங்
>
> பொருள்: தசைவழி ஊசி செயல்முறை மதிப்பீட்டின் கூட்டலைச் சரிபார்க்கவும், மதிப்பிடப்படாத இரண்டு படிகளை மறுமதிப்பீடு செய்யவும் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> நான் மூன்றாம் செமஸ்டர் மாணவி (பதிவு எண் …). மார்ச் 12 அன்று ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் நடந்த மேற்கண்ட மதிப்பீட்டில் 50-க்கு 21 பெற்றுத் தேர்ச்சி பெறவில்லை என மார்ச் 14 அன்று தெரிவிக்கப்பட்டது. மார்ச் 16 அன்று துறைத் தலைவரின் அனுமதியோடு செக்லிஸ்ட்டைப் பார்த்தேன். பின்வரும் இரண்டு விஷயங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.
>
> 1. முதல் பக்கத்தின் 12 படிகளுக்கான கூட்டுத்தொகை 13. இரண்டாம் பக்கத்தில் அது 11 என ஏற்றப்பட்டுள்ளது. சரியான மொத்தம் 23 (இணைப்பு 1).
>
> 2. படிகள் 24, 25-க்கு மதிப்பெண் பதியப்படவில்லை. ஊசி போட்டு முடிந்தவுடன் நோயாளி எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்லப்பட்டார். கேஸ் ஷீட்டும் அவருடன் சென்றது. அதனால் அந்த இரண்டு படிகளையும் அப்போது செய்ய இயலவில்லை. அன்று காலை சுமார் 10.30 மணிக்கான வார்டுப் பதிவேட்டைக் கல்லூரி வழியாகச் சரிபார்க்க வேண்டுகிறேன்.
>
> 18-வது படியில் (பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போட்டது) எனக்குப் பூஜ்யம் வழங்கப்பட்டது சரியானது. அதைப் பற்றி நான் முறையிடவில்லை.
>
> தேர்ச்சிக்கு 25 தேவை. எனவே கூட்டலைத் திருத்தவும், படிகள் 24, 25-ஐயோ அல்லது முழுச் செயல்முறையையுமோ மறுமதிப்பீடு செய்யவும், இன்டர்னல் மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படும் முன் முடிவைத் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன்.
>
> இணைப்புகள்: 1. செக்லிஸ்ட் நகல். 2. செமஸ்டர் தொடக்கத்தில் வழங்கப்பட்ட செக்லிஸ்ட். 3. போஸ்டிங் ரோஸ்டர்.

இதில் "என்னைப் பாஸ் செய்யுங்கள்" என்று எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டது கூட்டல் திருத்தமும் மறுமதிப்பீடும்தான். முதல்வரால் கையெழுத்துப் போட்டுச் செய்ய முடிந்ததைக் கேட்டால்தான் அவரும் செய்வார். இரவெல்லாம் அழுதது, அப்பா கடன் வாங்கிப் படிக்க வைப்பது, மற்ற பாடங்களில் எடுத்த மதிப்பெண் எதுவும் இதில் இல்லை. அவை பொய்யல்ல, ஆனால் 23-ஐ 25 ஆக்காது. படிப்பவரின் கண்ணை இரண்டு ஆதாரங்களிலிருந்து வேறு பக்கம் திருப்பிவிடும்.

"நான் பண்ண தப்பை நானே எழுதிக் குடுக்கணுமா? அதையே பிடிச்சுக்க மாட்டாங்களா?"

அந்தப் பூஜ்யம் ஏற்கெனவே தாளில் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் குழு பார்க்கத்தான் போகிறது. பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடுவது ஊசிக்குத்துக் காயத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று; மூடாமல் நேராக நீடில் டெஸ்ட்ராயரிலோ கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளை டப்பாவிலோ போட வேண்டும். இதைத் தவறு என்று நீங்களே சொல்லும்போது, மற்ற இரண்டு விஷயங்களிலும் நீங்கள் உண்மையைத்தான் சொல்கிறீர்கள் என்று நம்ப இடம் கிடைக்கிறது.

இருந்தாலும் ஒரு வரிதான். மன்னிப்புக் கடிதமாக நீட்ட வேண்டாம். தாளில் இல்லாத புதிய தவறுகளை வலியப் போய்ச் சேர்க்கவும் வேண்டாம். ஒப்புக்கொள்ளும் படி நட்சத்திரப் படியாக இருந்தால் ஐந்தாம் கேள்விக்கான பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

"அந்த மேம் முதல் நாள்ல இருந்தே என்னை டார்கெட் பண்றாங்க. அதை எழுதலாமா?"

"டார்கெட்" என்ற சொல் கடிதத்தில் வரக் கூடாது. அது அவருடைய மனதில் இருப்பதைப் பற்றிய உங்கள் கணிப்பு. உங்களால் நிரூபிக்க முடியாது, அவராலும் மறுத்து நிரூபிக்க முடியாது. அந்தச் சொல்லைப் படித்தவுடன் குழு ஆசிரியரின் நற்பெயரைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடும், கூட்டல் தவறு மறந்துபோகும்.

நடந்ததை நடந்தபடி எழுதலாம். "அன்று மதிப்பிடப்பட்ட மற்ற மாணவர்களுக்கு 30 நிமிடம் தரப்பட்டது, எனக்கு 20 நிமிடத்தில் நிறுத்தப்பட்டது" என்பது செக்லிஸ்ட்டின் நேரங்களை வைத்துச் சரிபார்க்கக்கூடியது. சாதி, மதம், மொழி, ஊர் பற்றி இழிவாகப் பேசியிருந்தால் அது மதிப்பெண் அப்பீலை விடப் பெரிய புகார். அதைத் தனிக் கடிதமாக, சொன்ன வார்த்தைகள், தேதி, இடம், கேட்டவர்கள் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் இரண்டுமே பலவீனமாகும்.

"எக்ஸ்ரேக்குப் போனதுக்கு ஆதாரமா வார்டு ரிஜிஸ்டரை போட்டோ எடுத்துக்கலாமா? அந்த பேஷன்ட் கிட்டயே எழுதி வாங்கலாமா?"

இரண்டும் வேண்டவே வேண்டாம். கேஸ் ஷீட், மெடிக்கேஷன் சார்ட், வார்டுப் பதிவேடு எல்லாம் மருத்துவமனையின் ஆவணங்கள், அவற்றில் இருப்பது மற்றவர்களின் நோய் விவரம். போட்டோ எடுத்தது தெரிந்தால் அப்பீல் நின்றுபோய் உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கும். நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். நோயாளியிடம் கேட்பது அதைவிடத் தவறு. படுக்கையில் இருப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்பவர் கேட்டால் மறுக்க முடியாது. நோயாளியின் பெயர், ஐ.பி. எண், படுக்கை எண் எதுவும் கடிதத்தில் வரக் கூடாது.

வழி, மாதிரிக் கடிதத்தில் இருப்பதுதான்: எந்த வார்டு, எந்த நாள், சுமார் எத்தனை மணி என்று சொல்லி, சரிபார்க்கும் வேலையைக் கல்லூரியிடம் விடுங்கள். போஸ்டிங் மருத்துவமனை கல்லூரிக்குச் சொந்தமில்லை என்றால் முதல்வர் அங்குள்ள நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு எழுதிக் கேட்பார். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் அருகில் இருந்திருந்தால் "அப்போது வார்டு இன்சார்ஜ் பணியில் இருந்தார்" என்று மட்டும் குறிப்பிடுங்கள். அவரிடம் தனியாகப் போய்க் கையெழுத்துக் கேட்டால் அவருக்கும் சங்கடம்.

"பேஷன்ட் கன்னடம், எனக்குக் கன்னடம் அரைகுறை. 'எக்ஸ்பிளெயின் புரொசீஜர்'ல ஸீரோ போட்டுட்டாங்க. இதை அப்பீல்ல சொல்லலாமா?"

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் நிறையப் பேர் கேட்கும் கேள்வி. "எனக்கு மொழி தெரியாது" என்பது காரணமாக நிற்காது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று நோயாளிக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அந்தப் படி, அவருக்குப் புரியவில்லை என்றால் பூஜ்யம் சரியே.

ஆனால் அருகிலிருந்த நர்ஸ் மூலமோ உறவினர் மூலமோ கன்னடத்தில் சொல்லவைத்து, நோயாளி தலையசைத்துச் சம்மதித்த பிறகும் பூஜ்யம் விழுந்திருந்தால் செக்லிஸ்ட்டின் வாசகத்தைப் பாருங்கள். "நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கினார்" என்று மட்டும் இருந்து, இன்னொருவர் உதவியோடு விளக்கக் கூடாது என்று எங்கும் இல்லாவிட்டால் அதைக் குறிப்பிடலாம். எவர் மொழிபெயர்த்தார் என்பதையும் சொல்லுங்கள். இது கூட்டல் தவறு அளவுக்கு வலுவானதல்ல, அதனால் கடிதத்தில் கடைசியாக வரட்டும். அடுத்த போஸ்டிங்குக்குள் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பழகிக்கொள்ளுங்கள். பெயரென்ன, வலிக்கிறதா, ஊசி போடப்போகிறேன், அலர்ஜி உண்டா என்ற அளவு போதும்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். சொல்லாம போயிட்டேன். இப்ப சொல்லலாமா?"

பலன் குறைவு. அசெஸ்மென்ட்டுக்கு முன்பே சொல்லியிருந்தால் தேதி மாற்றியிருப்பார்கள் என்பதே பதிலாக வரும். அன்றைய தேதியிட்ட மருத்துவச் சீட்டு இருந்தால் இணைக்கலாம்; பிறகு போய் அன்றைய தேதி போட்டு வாங்கிய சீட்டு இருப்பதையும் கெடுக்கும். காய்ச்சலோடு வார்டில் நின்றது நோயாளிக்கு ஆபத்து என்று உங்களிடமே கேட்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

"என் பொண்ணு பேசப் பயப்படறா. நானே பிரின்ஸிபாலைப் பார்த்துப் பேசினா சீக்கிரம் முடியாதா? யார்கிட்ட குடுக்கணும், எத்தனை நாள் ஆகும்?"

கூடவே போகலாம், ஆனால் கடிதம் மகளுடையதாக, அவர் கையெழுத்தோடு இருக்கட்டும். வாய்ப்பேச்சில் முடிந்ததற்குப் பதிவு இருக்காது. துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து மற்றதில் இன்வர்ட் எண், தேதி, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே கல்லூரியின் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். பாதிக்கு மேற்பட்ட விஷயங்கள், அதிலும் கூட்டல் தவறு, இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் அடுத்தது மாணவர் குறைதீர்ப்புக் குழு. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, மதிப்பீட்டில் வெளிப்படைத்தன்மை இல்லாததும் நியாயமற்ற நடைமுறையும் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகக்கூடிய விஷயங்கள். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அந்த முடிவு ஏற்புடையதல்ல என்றால் அது கிடைத்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். வெறும் மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக் கோரிக்கையை ஆம்பட்ஸ்பர்சன் எடுக்க மாட்டார். முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ சுட்டிக்காட்ட வேண்டும். இரண்டாவது கேள்விக்கான பதிலில் "முடிவையே மாற்றக்கூடிய தவறு" என்று அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கமிட்டி கூப்பிட்டிருக்காங்க. அந்த மேமும் இருப்பாங்களாம். என்ன பேசறது?"

கடிதத்தில் இருப்பதை மட்டும். இணைப்புகளை வரிசையாக வைத்து, "முதல் பக்கத்தின் கூட்டலைப் பார்க்க வேண்டுகிறேன்" என்று தாளைக் காட்டித் தொடங்குங்கள். ஆசிரியர் "அந்த இரண்டு படியும் நீ செய்யவே இல்லை" என்று சொல்லக்கூடும். "ஆமாம் மேம், செய்ய முடியவில்லை. நோயாளி வார்டில் இல்லை" என்று சொன்னால் போதும். அவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஒன்றே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

புதிதாக ஏதாவது கேட்டால், நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லுங்கள். மறுமதிப்பீடு தருவதாகச் சொன்னால் மூன்றைக் கேட்டு, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எந்தச் செக்லிஸ்ட், யார் மதிப்பிடுவார். வேறொரு ஆசிரியர் மதிப்பிடலாமா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் இரண்டாவது ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும் என்று கேளுங்கள்.

"இது யுனிவர்சிட்டி பிராக்டிகல்ல நடந்திருந்தா? ரீவேல்யுவேஷன் போடலாமா?"

பிராக்டிகலில் நீங்கள் செய்தது தாளில் இல்லை, அதனால் எழுத்துத் தேர்வு போல மறுமதிப்பீடு செய்ய எதுவும் கிடையாது. மிஞ்சுவது மதிப்பெண் பதிவில் தவறு உண்டா என்று பார்ப்பதுதான். கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு எழுதுங்கள். கடிதத்தின் வடிவம் மேலே உள்ளதுதான், பெறுநர் மட்டும் மாறும்.

பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பு என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மதிப்பெண் தாளின் நகலைக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான காலம் 30 நாள். மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எக்ஸாமினர் யார் என்பதை மறைத்துத் தரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. விண்ணப்பத்தில் "ஏன் ஃபெயில் போட்டீர்கள்" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணம்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. "இன்ன பதிவு எண்ணுக்கான, இன்ன தேதியில் நடந்த பிராக்டிகல் தேர்வின் மதிப்பெண் தாள், படிவாரியான செக்லிஸ்ட் இருப்பின் அதன் நகல்" என்று எழுதுங்கள். அடுத்த தேர்வுக்கான கட்டணத் தேதி அதற்குள் வந்துவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். கட்டியதால் அப்பீலை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வேண்டுமானால் "என் மேல்முறையீட்டுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து அதற்கும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.